பெற்றோர் கையில் இருக்கும் கைபேசி 000ஐ அழைக்குமா? ஆஸ்திரேலியத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

ஆஸ்திரேலியாவிலுள்ள தமிழ்ச் சங்கங்கள், தமிழ் மூத்தோர் அமைப்புகள், தமிழ்ப் பள்ளிகள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

இந்நாட்டில் 3ஜி சேவை முடிந்துவிட்டது. வோடஃபோன் 2024 ஜனவரியில் அதை முழுதாக நிறுத்தியது. டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் தாம் முதலில் அறிவித்த நாள்களைத் தள்ளிவைத்து, 2024 அக்டோபர் 28 முதல் நிறுத்தத் தொடங்கின. அந்த நாள்களில் செய்தி பலருக்கும் எட்டியது. பலர் புதிய கைபேசி வாங்கினார்கள். அத்துடன் காரியம் முடிந்தது என்றே நம் குடும்பங்களில் பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்களின் கையில் இருக்கும் கைபேசிகளைப் பொறுத்தவரை அது முடியவில்லை என்பதைத் தெரிவிக்கவும், உங்கள் கூட்டங்களில் சிறிது நேரத்தை இதற்கென ஒதுக்கும்படி வேண்டவுமே இம்மடலை எழுதுகிறேன்.

நான் கவலைப்படுவது இரண்டு வகைக் கைபேசிகளைப் பற்றி. பிள்ளைகள் புதியது வாங்கியபின் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கொடுத்துவிட்ட பழைய கைபேசி ஒன்று. ஊரிலிருந்து வரும் பெற்றோர் தங்களுடன் கொண்டுவந்து, இங்கே உள்ளூர் சிம் போட்டுப் பயன்படுத்தும் கைபேசி மற்றொன்று. இவ்விரண்டும் திரையில் 4ஜி என்று காட்டும்; இணையம் ஓடும்; வாட்ஸ்அப்பில் பேரப்பிள்ளைகளின் முகம் தெரியும். ஆனால் சாதாரணத் தொலைபேசி அழைப்பு செல்லாமல் போகலாம். அல்லது சாதாரண அழைப்பு சென்றும், 000 என்ற அவசர அழைப்பு மட்டும் செல்லாமல் போகலாம். இரண்டாவது நிலைதான் அதிக ஆபத்தானது, ஏனெனில் அதை எவரும் தம் வீட்டில் அழைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இது ஏன் நேர்கிறது என்பதைச் சற்று விளக்குகிறேன். 2ஜியிலும் 3ஜியிலும் குரல் அழைப்புக்கென்றே தனி வழி இருந்தது. 4ஜியில் அந்த வழி கிடையாது. அது தரவை மட்டுமே கொண்டுசெல்லும்படி அமைக்கப்பட்டது. 2011இல் டெல்ஸ்ட்ரா இங்கே 4ஜியைத் தொடங்கியபோது, இணையம் 4ஜியில் போயிற்று. யாராவது அழைத்தால் கைபேசி அந்த நொடியில் 3ஜிக்கு இறங்கி, பேசி முடித்ததும் மீண்டும் 4ஜிக்கு ஏறியது. அந்நாள்களில் அழைப்பின்போது திரையின் மேல் மூலையில் இருந்த 4G என்ற எழுத்து 3G என்றோ H என்றோ மாறியதை நீங்கள் பார்த்திருக்கலாம். குரலையும் தரவாக மாற்றி 4ஜியிலேயே அனுப்பும் VoLTE என்ற முறை பின்னர்தான் வந்தது. ஆகவே 4ஜி கைபேசி என்று விற்கப்பட்டவற்றுள் ஒரு பகுதி, குரலுக்கு 3ஜியை மட்டுமே நம்பியிருந்த கைபேசிகளாகும். 3ஜி போனதும் அவற்றுக்கு இறங்க இடமில்லை. 2ஜியும் இங்கே இல்லை. டெல்ஸ்ட்ரா 2016 டிசம்பரிலும், ஆப்டஸ் 2017இலும், வோடஃபோன் 2018இலும் அதை மூடிவிட்டன.

இந்தியாவில் நிலைமை வேறு. அங்கே ஏர்டெல் 3ஜியை நிறுத்திவிட்டாலும் 2ஜியை வைத்திருக்கிறது. VoLTE இல்லாத கைபேசியும் அங்கே 2ஜிக்கு இறங்கிப் பேசிவிடும். ஜியோவுக்கு 2ஜியும் 3ஜியும் எப்போதுமே கிடையாது. அதில் பேசும் கைபேசியில் VoLTE கட்டாயம் உண்டு. எனவே, “மதுரையில் ஜியோவில் நன்றாகப் பேசிய கைபேசிதானே, இங்கே ஏன் பேசாது?” என்று கேட்பது இயல்பு. VoLTE என்பது கைபேசியில் ஒருமுறை இருந்தால் எங்கும் இருக்கும் வசதி அன்று. ஒவ்வொரு நிறுவனத்தின் வலையமைப்பிலும் குரல் சேவையில் எப்படிப் பதிவு செய்துகொள்வது என்ற அமைப்பு விவரங்கள் கைபேசியின் மென்பொருளுக்குள் முன்கூட்டியே இருக்க வேண்டும். இந்தியச் சந்தைக்கென்று வெளியான கைபேசியில் ஜியோ, ஏர்டெல் ஆகியவற்றுக்கான விவரங்கள் இருக்கும். டெல்ஸ்ட்ராவுக்கோ ஆப்டஸுக்கோ இல்லாமல் இருக்கலாம். ஒரே பெயரில் விற்கப்படும் கைபேசியே நாட்டுக்கு நாடு வேறு மாதிரி எண்ணோடும் வேறு மென்பொருளோடும் வருகிறது.

என் நண்பர் ஒருவரின் தாயார் மெல்பர்னுக்கு வந்தபோது நடந்ததை இங்கே சொல்வது பயன்படும். சென்னையில் வாங்கிய, அதிகம் பழையதல்லாத ஒரு 4ஜி ஆண்ட்ராய்டு கைபேசி அவரிடம் இருந்தது. விமான நிலையத்திலேயே உள்ளூர் சிம் போட்டார்கள். இணையம் உடனே வந்தது. குடும்பத்தார் எல்லோரும் வாட்ஸ்அப்பில்தான் பேசிக்கொள்வதால் அடுத்த சில வாரங்களுக்கு எவருக்கும் எந்த ஐயமும் எழவில்லை. குடும்ப மருத்துவரின் மருத்துவமனையிலிருந்து பரிசோதனை முடிவைச் சொல்ல அழைத்தவர்கள், அவர் எண் எப்போது அழைத்தாலும் கிடைக்கவில்லை என்று மகனுக்குச் சொன்ன பிறகே விஷயம் வெளிப்பட்டது. அவர் கைபேசியிலிருந்து மகனின் எண்ணை நேரடியாக அழைத்துப் பார்த்தபோது, மணியே அடிக்காமல் சில நொடிகளில் அழைப்பு முடிந்துவிட்டது.

நண்பர் கேட்டுக்கொண்டதால் அந்தக் கைபேசியை நான் பார்த்தேன். இந்திய சிம்மைப் போட்டால் அமைப்புகள் பகுதியில் VoLTE என்ற பொத்தான் தெரிந்தது. ஆஸ்திரேலிய சிம்மைப் போட்டதும் அந்தப் பொத்தானே மறைந்துவிட்டது. அந்த நிறுவனத்துக்கான விவரங்கள் மென்பொருளில் இல்லை என்பதற்கு இது மிகத் தெளிவான அடையாளம். `*#*#4636#*#*` என்று தட்டினால் சில ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ஒரு சோதனைப் பட்டியல் திறக்கும்; அதில் குரல் சேவைப் பதிவின் நிலையைக் காட்டும் IMS Service Status என்ற பகுதிக்குச் சென்றபோது, பதிவாகவில்லை என்றும் VoLTE கிடைக்கவில்லை என்றும் காட்டியது. மென்பொருளைப் புதுப்பித்தோம், நிலை மாறவில்லை. முடிவில் இந்நாட்டுக் கடையில் விற்கும் எளிய 4ஜி கைபேசி ஒன்றை வாங்கி, சிம்மை அதில் போட்டார்கள். ஊர்க் கைபேசி வீட்டு வைஃபையில் வாட்ஸ்அப்புக்கு மட்டும் பயன்படுகிறது. எல்லாக் கைபேசிகளும் இதேபோல் நடந்துகொள்வதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குரலுக்கு வழியில்லை என்று கண்டதும் 4ஜியையே விட்டு வெளியேறி, சேவை இல்லை என்று காட்டும் கைபேசிகளும் உண்டு. அவை ஒருவகையில் நல்லவை. குறையை மறைக்காமல் காட்டிவிடுகின்றன.

குறையை மறைக்கும் இன்னொன்று வைஃபை அழைப்பு. சில கைபேசிகள் வீட்டு வைஃபை வழியாகவே சாதாரண அழைப்புகளைச் செய்யக்கூடியவை. வீட்டில் சோபாவில் உட்கார்ந்து அழைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத் தோன்றும். பூங்காவில் நடைபயிற்சியின்போது அதே கைபேசி ஊமையாகிவிடும். ஆகவே எந்தச் சோதனையையும் வைஃபையை அணைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

இப்போது அவசர அழைப்புக்கு வருகிறேன். 000 என்று தட்டியதும் கைபேசி அதைச் சாதாரண அழைப்பாகக் கையாள்வதில்லை. அதற்கெனத் தன் மென்பொருளில் தனி விதிகளை வைத்திருக்கிறது. உங்கள் நிறுவனத்தின் சமிக்ஞை இல்லாத இடத்தில், கிடைக்கும் வேறெந்த நிறுவனத்தின் வலையமைப்பிலும் ஏறி அந்த அழைப்பைச் செய்ய அது முயலும். அந்தத் தனி விதிகளில் 3ஜி என்று எழுதப்பட்டிருந்தால், நாள்தோறும் VoLTE-யில் அழகாகப் பேசும் கைபேசியும் அவசரத்தின்போது இல்லாத 3ஜியைத் தேடிக்கொண்டு நிற்கும். 2024இல் 3ஜி மூடல் தள்ளிப்போனதற்கு இத்தகைய கைபேசிகளைப் பற்றிய கவலை முக்கியக் காரணமாக இருந்தது.

மூடல் முடிந்து ஓராண்டுக்குப் பிறகும் இது தீர்ந்தபாடில்லை. 2025 அக்டோபரில், சில பழைய சாம்சங் கைபேசிகளில் மேலும் நுட்பமான ஒரு குறை வெளிவந்தது. டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் கிடைக்காமல் வோடஃபோன் மட்டும் கிடைக்கும் இடத்தில், அவை 000ஐ வோடஃபோனின் 3ஜியில் அனுப்பும்படி அமைக்கப்பட்டிருந்தன. அந்த 3ஜி அதற்கு ஏறத்தாழ இரண்டாண்டுகளுக்கு முன்பே மூடப்பட்டுவிட்டது. டெல்ஸ்ட்ரா வாடிக்கையாளர் ஒருவர் அத்தகைய கைபேசியை நாள்தோறும் குறையின்றிப் பயன்படுத்தியிருப்பார். வேறு நிறுவனத்தின் வலையமைப்பு தேவைப்படும் அந்த ஒரு தருணம்வரை குறை தெரிய வழியே இல்லை. பெரும்பாலான மாதிரிகளுக்கு மென்பொருள் புதுப்பிப்பு போதுமானது. கேலக்ஸி எஸ்6, எஸ்7, நோட் 5, 2017ஆம் ஆண்டு ஏ5 போன்ற சிலவற்றுக்கு அதுவும் இல்லை. அவற்றை மாற்றியே ஆக வேண்டும். 2025 நவம்பரில் சிட்னியில் ஒருவர் இறந்தபோது, பழைய மென்பொருளோடு இருந்த சாம்சங் கைபேசியிலிருந்து 000 அழைப்பு செல்லவில்லை என்று வோடஃபோனை நடத்தும் டிபிஜி நிறுவனம் அறிவித்தது. எஸ்7 என்பது நம் வீடுகளில் பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்குக் கைமாறிய கைபேசி. நல்ல திரை, நல்ல படக்கருவி, தூக்கிப்போட மனம் வராத பொருள் என்பதாலேயே அது இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

2025 செப்டம்பரில் ஆப்டஸின் வலையமைப்பில் நேர்ந்த 000 கோளாறை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது நிறுவனத்தின் பக்கம் நேர்ந்த தவறு. நிறுவனத்தை மாற்றிவிட்டோம், இனி கவலையில்லை என்று அதன்பின் சொன்னவர்கள் உண்டு. கைபேசியில் இருக்கும் குறை, எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் கைபேசியோடுதான் வரும்.

000ஐ அழைக்க இயலாத கைபேசி என்று தெரிந்தால், அதற்குச் சேவை தரக்கூடாது என்று 2024 அக்டோபர் முதல் விதி இருக்கிறது. கைபேசி நிறுவனங்கள் அத்தகைய கருவிகளைக் கண்டறிந்து, வாடிக்கையாளருக்கு அறிவித்து, பிறகு தடை செய்கின்றன. கடுமையான விதியாகத் தோன்றலாம். எனக்கு அது சரியென்றே படுகிறது. பேசும் கைபேசி அவசரத்திலும் பேசும் என்றுதான் முதியவர் ஒருவர் நம்புவார். ஆனால் அந்த அறிவிப்பு ஆங்கிலக் குறுஞ்செய்தியாக வருகிறது. தெரியாத குறுஞ்செய்தி எதையும் தொடாதீர்கள் என்று நாமே பெற்றோருக்குப் பலமுறை சொல்லி வைத்திருப்பதால், அவர்கள் அதை மோசடி என்று அழித்துவிடுகிறார்கள். பிறகு ஒருநாள் கைபேசி காரணம் தெரியாமல் வேலை செய்வதை நிறுத்துகிறது. அத்தகைய செய்தி வந்தால் அதிலுள்ள இணைப்பைத் தொடவேண்டிய தேவையில்லை. அழிக்காமல் பிள்ளைகளிடம் காட்டினால் போதும். அவர்கள் நிறுவனத்தின் தளத்துக்குத் தாமாகவே சென்றோ, கடைக்கு நேரில் சென்றோ உறுதி செய்துகொள்ளலாம்.

சோதிக்க வேண்டிய முறைக்கு வருகிறேன். ஒரு கைபேசிக்குப் பத்து நிமிடம் போதும். முதலில் `*#06#` என்று தட்டுங்கள். ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய அடையாள எண்ணான, 15 இலக்கமுள்ள IMEI எண் திரையில் தோன்றும். இரட்டை சிம் கைபேசியில் இரண்டு எண்கள் தோன்றும். அதன் முதல் 8 இலக்கங்கள் கைபேசியின் மாதிரியைக் குறிப்பவை. நிறுவனங்கள் தம் பட்டியலோடு ஒப்பிடுவது இவற்றைத்தான். ஆகவே பெட்டியில் அச்சிட்ட பெயரைவிட, இங்கே வாங்கியதா ஊரில் வாங்கியதா என்ற நினைவைவிட, இந்த எண்ணே நம்பத்தகுந்தது. இந்த எண்ணை நீங்கள் சேவை பெறும் நிறுவனத்தின் சோதனைப் பக்கத்திலோ 3gclosure.com.au தளத்திலோ இட்டுப் பார்க்கலாம். டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் வலையமைப்புகளில் இருப்பவர்கள், மூடலையொட்டி அமைக்கப்பட்ட 3498 என்ற எண்ணுக்கு 3 என்று குறுஞ்செய்தி அனுப்பி, அந்தக் கைபேசியின் நிலையைக் கேட்கலாம். சோதிக்க வேண்டிய கைபேசிக்குள் சிம் இருக்கும்போதே இதை அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் தெளிவாக இல்லாவிட்டாலோ, IMEI எண்ணோடு நிறுவனத்திடமே கேளுங்கள்.

அடுத்து மென்பொருள். சாம்சங்கில் Settings, அதனுள் Software update, அதனுள் Download and install. ஐபோனில் Settings, General, Software Update. புதுப்பிப்பு ஒன்று முடிந்ததும் மீண்டும் ஒருமுறை தேடுங்கள்; நீண்டநாள் தொடாத கைபேசிக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பல வரக்கூடும். பிறகு VoLTE பொத்தான் இருந்தால் அது இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சாம்சங்கில் Connections, Mobile networks என்ற வழியில் VoLTE calls என்று இருக்கும். ஐபோன் 6க்கு முந்தியவற்றில் VoLTE கிடையாது. 5எஸ் இன்னும் எவரிடமாவது இருந்தால் அதை மாற்றத்தான் வேண்டும்.

இதன்பின் வைஃபையை அணைத்து, வேறொரு கைபேசிக்குச் சாதாரண அழைப்புச் செய்யுங்கள்; அவர் திரும்ப அழைக்கட்டும். இரு பக்கமும் குரல் கேட்டால் VoLTE வேலை செய்கிறது. இது தேவையான சோதனை. ஆனால் மேலே சொன்ன காரணத்தால் இது மட்டும் போதாது. அவசர அழைப்பைப் பற்றிய விடை IMEI சோதனையிலிருந்தும் நிறுவனத்தின் பதிலிலிருந்தும்தான் கிடைக்கும். எக்காரணம் கொண்டும் 000ஐ அழைத்துச் சோதிக்க வேண்டாம். அந்த நேரத்தில் உண்மையான அழைப்பு ஒன்று காத்திருக்கக்கூடும். இதைக் கூட்டத்தில் இருமுறை சொல்லுங்கள்.

பெற்றோரை அழைத்துவர இருக்கும் குடும்பங்கள் IMEI சோதனையைப் பயணத்துக்கு முன்பே செய்யலாம். ஊரிலிருந்து அந்த எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொன்னால் போதும். தோல்வியுற்றால், விமான நிலையத்தில் வெறும் சிம் வாங்காமல், இங்கேயே ஒரு கைபேசியை வாங்கி, சிம் போட்டுத் தயாராக வைத்திருக்கலாம். இந்திய, இலங்கை எண்ணிலேயே ரோமிங்கில் பேசப்போகிறவர்கள், ஆஸ்திரேலியாவில் VoLTE ரோமிங் உண்டா என்று தம் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தரவு ரோமிங் இருந்தால் குரலும் இருக்கும் என்று பொருளில்லை.

மாற்றுக் கைபேசி விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. பொத்தான் உள்ள எளிய 4ஜி கைபேசிகள் இங்கே கிடைக்கின்றன. பெரியவர்கள் பலருக்கு அவையே வசதி. கவனிக்க வேண்டியது வாங்குமிடம். இணையத்தில் மலிவாக விற்கும் கைபேசிகளில் பிறநாட்டுச் சந்தைக்கானவை கலந்திருக்கும். அவற்றில் ஊர்க் கைபேசியின் அதே சிக்கல் வரக்கூடும். பயன்படுத்திய கைபேசி வாங்குவதாக இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன் `*#06#` காட்டச் சொல்லி அந்த எண்ணைச் சோதியுங்கள்.

பொறுப்பாளர்களிடம் நான் கேட்பது இதுதான். சனி, ஞாயிறுகளில் தமிழ்ப் பள்ளி நடக்கும்போது பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் தாத்தா பாட்டிகள் வெளியே காத்திருக்கிறார்கள். அங்கே ஒரு மேசையும், விவரமறிந்த இரண்டு இளைஞர்களும் இருந்தால் ஒரு காலைப்பொழுதில் பலருடைய கைபேசிகளைப் பார்த்துவிடலாம். IMEI எண்களையோ கைபேசி எண்களையோ பட்டியலிட்டு வைத்துக்கொள்ள வேண்டாம். முடிவை ஒரு தாளில் தமிழில் எழுதி அவரவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். மூத்தோர் சந்திப்புகளிலும் இதைச் செய்யலாம். தனியாக வாழ்பவர்களையும், நகரங்களுக்கு வெளியே வசிப்பவர்களையும் முதலில் பாருங்கள். தம் நிறுவனத்தின் சமிக்ஞை இல்லாமல் பிறிதொன்றின் வழியாக 000ஐ அழைக்கவேண்டிய நிலை அவர்களுக்குத்தான் அதிகம் நேரும். சோதனைக்குப் பிறகு கைபேசி மாறினாலோ, சிம்மை எடுத்து அலமாரியில் கிடந்த வேறொரு பழைய கைபேசியில் போட்டாலோ, சோதனையைப் புதிதாகச் செய்ய வேண்டும் என்பதையும் அந்தத் தாளில் எழுதுங்கள்.

அதே மேசையில் இன்னொரு கேள்வியையும் கேளுங்கள். கீழே விழுந்தால் உதவி கோருவதற்காகக் கழுத்தில் அணியும் அபாயப் பொத்தான்களில் சில, உள்ளே 3ஜி சிம் வைத்தே செய்யப்பட்டவை. அவற்றில் விளக்கு எரிவதும் மின்னேற்றம் ஏறுவதும் இணைப்பு இருப்பதற்குச் சான்றாகாது. வாங்கிய நிறுவனத்தை அழைத்து, அந்தக் கருவி 4ஜியில் இயங்குகிறதா என்று கேட்டு, அவர்கள் தொடர்பில் இருக்கும்போதே பொத்தானை ஒருமுறை அழுத்திச் சோதிக்க வேண்டும். 000 போலன்றி, அந்த நிறுவனங்கள் சோதனை அழைப்பை ஏற்கும். முன்கூட்டியே சொல்லிவிட்டு அழுத்தினால் போதும்.

இப்படிக்கு,
மெல்பர்னில் வசிக்கும் தொலைத்தொடர்புப் பொறியாளர் ஒருவர்